என் யன்னலின் பெயரால் யாரிடமும் 6,000 ரூபா வாங்காதீர்கள்

எங்கள் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உடைந்தது என் வீட்டு யன்னல். முதலாம் மாடியில், முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும் வரவேற்பறை யன்னலின் இடப்பக்கக் கீழ்க் கண்ணாடி. அதனால் இந்தக் கடிதத்தை எழுதும் உரிமை எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது என்று நினைக்கிறேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவித்தலை மூன்று தரம் வாசித்தேன். “பாதிக்கப்பட்ட குடியிருப்பாளரின் நலன் கருதி” என்று அது தொடங்குகிறது. அந்தக் குடியிருப்பாளர் நான்தான். என் நலன் என்னவென்று உங்களில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

அறிவித்தல் சொல்வது இது. யன்னலை மாற்ற 48,000 ரூபா தேவை. முற்றத்தில் வழக்கமாக விளையாடும் பிள்ளைகள் உள்ள எட்டு வீடுகளும் தலா 6,000 ரூபா கட்ட வேண்டும். இந்த மாதப் பராமரிப்புப் பணத்தோடு கட்டாத வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும். மறுத்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யப்படும். இனிமேல் வளவுக்குள் பந்து விளையாட்டு இல்லை. இவற்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது இரக்கத்தின் பெயரால் கேட்கும் சலுகை இல்லை. கணக்கு பிழை, யாரைப் பிடிக்க வேண்டும் என்பதும் பிழை.

முதலில் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி இருக்கும். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய சத்தமென்று சொல்ல முடியாது. “டக்” என்று ஒன்று, அதன் பிறகு கண்ணாடி சரியும் சத்தம். வந்து பார்த்தபோது ஒரு சிவப்பு லெதர் பந்து சோபாவுக்கு அடியில் போய் நின்றிருந்தது. கீழே முற்றத்தில் ஒன்பது பிள்ளைகளும் அசையாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. நாலு பேர் வந்திருந்தார்கள். மட்டை பிடித்த ஒன்பது வயதுச் சின்னவன் அழுகையை அடக்கிக்கொண்டு பின்னால் நின்றான். பந்தைக் கொண்டு வந்த பதின்மூன்று வயதுக்காரன் முன்னால் வந்து, “அன்ரி, பந்து என்ர. இவனுக்கு ஏச வேண்டாம்” என்றான். பெடியன்களில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்றுமே உண்டு. மன்னிப்பும் மூன்று விதமாக வந்தது. அவர்கள் என்னை நிலத்தில் கால் வைக்க விடாமல் தாங்களே கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கப் பார்த்தார்கள். நான்தான் விடவில்லை.

லெதர் பந்து ஏன் வந்தது என்று அப்போதே கேட்டேன். அவன் சொன்ன பதில் உங்களுக்கும் தெரிய வேண்டும். அவர்களிடம் இருந்த மூன்று டெனிஸ் பந்துகளையும் அதற்கு முந்தின இரண்டு கிழமைக்குள் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டார். குழுவின் உத்தரவென்று சொன்னாராம். காவலாளியிடமும் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். பந்துகள் இன்றும் அவருடைய மேசை லாச்சிக்குள் இருக்கின்றன. பள்ளிக்கூட விடுமுறை. கையில் டெனிஸ் பந்து இல்லை. பெரியவன் பள்ளிக்கூட அணிப் பயிற்சிக்கு வைத்திருந்த பந்தை எடுத்து வந்தான். மெதுவாகத்தான் போடுவது, தட்டித்தான் விளையாடுவது என்று பேசிக்கொண்டுதான் தொடங்கியிருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஃபுல்டொஸ் ஒன்று இடுப்புயரத்தில் வந்தால் அந்த ஒப்பந்தம் எவ்வளவு நேரம் நிற்கும்?

இரண்டு பந்துக்கும் உள்ள வித்தியாசம் சின்னதில்லை. டெனிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. பெரியவர்களின் லெதர் பந்து 156 கிராமுக்கும் 163 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பந்து அதைவிடக் குறைவு, ஆனாலும் டெனிஸ் பந்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். எடையைவிட முக்கியம், டெனிஸ் பந்து பட்டதும் நசுங்கும். அடியின் வேகத்தைத் தானே விழுங்கிக்கொண்டு திரும்பிப் போகும். லெதர் பந்து நசுங்காது, அடி முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கும். என் யன்னலே இதற்குச் சாட்சி. விளையாட்டு முன் முற்றத்துக்கு வந்த பதினான்கு மாதத்தில் டெனிஸ் பந்து அந்தக் கண்ணாடியில் பட்டது எனக்குத் தெரிந்து பத்துத் தடவைக்கு மேல். ஒவ்வொரு தரமும் கண்ணாடியில் வட்டமாக ஒரு புழுதித் தடம் விழும், நான் ஈரத்துணியால் துடைப்பேன். கீறல்கூட விழுந்ததில்லை. ஒரேயொரு லெதர் பந்து பட்டது, உடைந்தது.

சரி, அப்படியென்றால் காசு யார் கொடுப்பது? அடித்தவனா, பந்துக்காரனா, அப்பா அம்மாவா, எல்லோருமா, ஒருவருமில்லையா? அறிவித்தலில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உடைந்தது உடைந்ததுதான், பிள்ளை உடைத்தால் பெற்றோர் கட்டத்தான் வேண்டும் என்று முடிவாகவே நினைத்துவிட்டீர்கள். அறிவித்தல் ஒட்டிய அன்று உங்களில் ஒரு ஐயா படியில் வைத்து, “எங்கட தேசவழமைப்படியும் தகப்பன்தானே பொறுப்பு” என்று என்னிடம் சொன்னார். அவரோடு அங்கே வாதாடவில்லை. தேசவழமை வடக்கின் தமிழர்களுடைய சீதனம், முதுசம், காணி போன்ற சொத்து விஷயங்களைப் பற்றியது. வெள்ளவத்தையில் ஒரு பந்து கண்ணாடியை உடைத்ததை அது தீர்மானிக்காது.

தீர்மானிப்பது இந்த நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டு வந்தது, அவர்களுக்குப் பிறகு வந்த ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் தொடர விட்டது. நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் 27 வருடம் தட்டச்சு செய்தவள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் நட்டஈட்டு வழக்குகளின் பிராதுகளை நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன். எல்லாப் பிராதிலும் தவறாமல் வரும் ஒரு பந்தி உண்டு: எதிராளி வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ இதைச் செய்தார் என்பது. அந்தப் பந்தி இல்லாவிட்டால் வழக்கே இல்லை. நட்டம் வந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்த நட்டம் ஒருவருடைய பிழையால் வந்தது என்றும் காட்ட வேண்டும். பிழை ஒருவரிடமும் இல்லையென்றால் நட்டம் யாருக்கு வந்ததோ அவரோடேயே நிற்கும். எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அதுதான் தொடக்கம்.

அந்தச் சட்டத்தின் வேரில் ஒரு பந்து விளையாட்டே இருக்கிறது என்று எங்கள் அலுவலகத்துப் பெரிய ஐயா ஒருமுறை சொன்னது எனக்கு மறக்கவில்லை. உரோமில் சிலர் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாவிதர் ஒரு அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பலமாக அடித்த பந்து நாவிதரின் கையில் பட்டது, கத்தி கழுத்தை அறுத்தது. யார் பொறுப்பு? அந்தக் காலத்துச் சட்ட அறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வாதாடியிருக்கிறார்கள். மேலா என்பவர், பிழை யாரிடமோ அவரே பொறுப்பு என்றார். புரோக்குலுஸ் என்பவர் நாவிதர்தான் பொறுப்பு என்றார். அந்த இடம் வழக்கமாகப் பந்து விளையாடும் இடமென்றால் அங்கே கொண்டுபோய்க் கதிரை போட்டவரைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று பிறகு வந்த உல்பியான் எழுதினார். பந்தை அடித்தது யார் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. விளையாட்டையும் கதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது யார் என்றும் கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை எங்கள் வளவுக்குக் கேளுங்கள். பிள்ளைகள் எத்தனையோ வருடம் பின் வளவில்தான் விளையாடினார்கள். அங்கே ஒரு பக்கம் அடுத்த கட்டடத்தின் யன்னலில்லாத சுவர், மறுபக்கம் நைலோன் வலை. பந்து போவதற்கு இடமில்லை. பதினான்கு மாதத்துக்கு முன் குழு பின் வளவை ஆறு வாகனத்துக்குத் தரிப்பிடமாக மாற்றியது. வலையைக் கழற்றிச் சுருட்டி ஜெனரேட்டர் அறையில் போட்டது. பிள்ளைகளிடம், “முன் முற்றத்தில் விளையாடுங்கோ” என்று சொன்னதும் அன்றைய செயலாளர்தான், நான் பக்கத்தில் நின்றேன். முன் முற்றத்துக்கு மேலே எட்டு வீடுகளின் யன்னல்கள் இருக்கின்றன. விக்கெட்டுக்கும் என் யன்னலுக்கும் இடையில் கிடையாக அளந்தால் பதினொரு மீற்றர்.

வேறெங்கே போவார்கள் என்று கேட்பவர்கள் எங்கள் ஒழுங்கையை ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். ஒரு முனையில் காலி வீதி. மறு முனையில் மெரின் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால்தான் கடல். ஒன்பது வயதுப் பிள்ளையை எந்தப் பக்கம் அனுப்புவது?

இந்த இடமாற்றத்துக்குப் பிறகு நான் குழுவுக்கு இரண்டு கடிதம் கொடுத்தேன், போன ஓகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. பந்து அடிக்கடி கண்ணாடியில் படுகிறது, ஜெனரேட்டர் அறையில் கிடக்கும் வலையை முன்னால் கட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டாவது கடிதம் கூட்டக் குறிப்பில் பதியப்பட்டிருக்கிறது. “கவனத்தில் எடுக்கப்படும்” என்பது பதில். அதற்குப் பிறகு நடந்த ஒரே மாற்றம் டெனிஸ் பந்துகளைப் பறித்தது.

முன்கூட்டித் தெரிந்திருந்ததா என்பதுதான் கவனக்குறைவு வழக்குகளின் உயிர். இதற்கு அடிக்கடி எடுத்துக் காட்டும் இரண்டு ஆங்கில வழக்குகள் கிரிக்கெட் பந்தைப் பற்றியவையே. 1947இல் மான்செஸ்டரில் மைதானத்துக்கு வெளியே வீதியில் நின்ற ஒரு பெண்மேல் பந்து விழுந்தது. ஏறக்குறைய முப்பது வருடத்தில் ஆறு தடவை அளவில்தான் பந்து அப்படி வெளியே போயிருந்தது. அவ்வளவு அபூர்வமான ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்யாதது கவனக்குறைவு இல்லை என்று அங்கே அப்போது மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1951இல் தீர்த்தது. மற்றது 1977இல், டர்ஹம் பக்கத்து ஒரு கிராமத்து மைதானம். அங்கே பந்து பருவத்துக்குப் பருவம் பக்கத்து வீட்டு வளவுகளில் விழுந்து சேதம் செய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் கழகத்தின்மேல் பிழை கண்டார்கள், 400 பவுண் நட்டஈடும் வந்தது. ஆனால் விளையாட்டை நிறுத்தும் தடை உத்தரவை நீதிமன்றம் கொடுக்கவில்லை. எங்கள் யன்னல் எந்த வழக்கின் பக்கம் நிற்கிறது? பதினான்கு மாதத்தில் பத்துக்கு மேல் தடவை, இரண்டு கடிதம், ஒரு கூட்டக் குறிப்பு. இரண்டாவது வழக்கின் பக்கம்தான். அங்கே பொறுப்பு மைதானத்தை நடத்தியவர்களிடம் போனது. மட்டை பிடித்தவர்களின் அப்பாமாரிடம் போகவில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் சட்டத்தில் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பிழை செய்யும் அறிவே இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஏழிலிருந்து பூப்பு வயதுவரை, ஆண்பிள்ளைக்கு அது பதினான்கு, அறிவு இல்லை என்றே தொடங்குவார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த ஆபத்து விளங்கியது, விளங்கியபடி நடக்கவும் முடியும் என்று குற்றம் சொல்பவர்தான் காட்ட வேண்டும். ஒன்பது வயதுக்காரனைப் பற்றி அப்படிக் காட்ட உங்களால் முடியாது. விளையாடச் சொன்ன இடத்தில், வந்த பந்தை அடித்தான். கிரிக்கெட்டில் மட்டை பிடித்தவன் வேறென்ன செய்வான்? பதின்மூன்று வயதுக்காரன் விஷயம் வேறு. அவனிடம் நேராகவே கேட்டேன், லெதர் பந்து கண்ணாடியை உடைக்கும் என்று தெரியுமா என்று. “தெரியும் அன்ரி” என்றான். மறைக்கவில்லை. அதனால் ஒரு சின்னப் பங்கு பிழை அவனிடம் உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் டெனிஸ் பந்தைப் பறித்தவர்கள் அந்தப் பங்கைப் பெரிதாக்கிப் பேசக் கூடாது.

பெற்றோருக்கு வருவோம். தகப்பன், தாய் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்த நட்டத்தை இந்தச் சட்டம் அவர்கள் தலையில் கட்டுவதில்லை. அவர்கள் தாங்களே கவனக்குறைவாக இருந்தால்தான் பொறுப்பு வரும். ஒரு தகப்பன் பிள்ளையின் கையில் எயார் ரைபிளைக் கொடுத்து வீதிக்கு அனுப்பினால் அது அவருடைய சொந்தப் பிழை. குழு காட்டிய முற்றத்தில் பிள்ளை மட்டை பிடிப்பதைத் தடுக்காதது பிழையா? நீங்கள் பணம் கேட்டிருக்கும் எட்டு வீட்டில் ஒரு வீட்டுப் பிள்ளை அன்று காய்ச்சலில் படுத்திருந்தது, விளையாட்டிலேயே இல்லை. நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு தங்கச்சி துணிக்கடையில் வேலை செய்கிறார். தண்ணீரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அடுத்த நாளே 6,000 ரூபா கட்டிவிட்டார். பற்றுச்சீட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டி, “உங்கட யன்னல் சரியாகிட்டுதா அக்கா?” என்று கேட்டார். அந்தச் சீட்டில் “யன்னல் நட்டஈடு” என்று என் வீட்டு இலக்கத்தோடு எழுதியிருக்கிறது. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பொலிஸ் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சொத்துக்குச் சேதம் செய்வது குற்றமாக வேண்டுமென்றால் வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், அல்லது சேதம் வரும் என்று அறிந்தே செய்திருக்க வேண்டும். தவிர, 2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்ட பிறகு பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது எதுவும் குற்றமே ஆகாது. அழுதுகொண்டு என் வாசலில் நின்ற பிள்ளைக்கு ஒன்பது வயது.

அடுத்தது தொகை. 48,000 ரூபா எங்கிருந்து வந்தது என்று தேடினேன். யன்னலைச் சட்டத்தோடு கழற்றிவிட்டு முழு அலுமினியச் சறுக்கு யன்னல் போடுவதற்கு ஒரு கடை கொடுத்த விலை அது. உடைந்தது நாலு கண்ணாடியில் ஒன்று. என் யன்னல் பழைய மரச் சட்டம். கடற்காற்றில் மரம் வீங்கிச் சுருங்கிக் கொஞ்சம் வளைந்திருந்தது, புட்டி கல்லாகக் காய்ந்திருந்தது. கண்ணாடி 3 மில்லிமீற்றர் தடிப்பு. இதையெல்லாம் சொன்னது பழுது பார்க்க வந்த பாஸ். வளைந்த சட்டம் கண்ணாடியை ஒரு மூலையில் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தது, அந்த மூலையிலிருந்துதான் வெடிப்பு ஓடியிருக்கிறது என்று துண்டைக் கையில் வைத்துக் காட்டினார். ஆனாலும் புதுக் கண்ணாடியாக இருந்தாலும் அந்தப் பந்துக்குத் தப்பியிருக்காது என்றும் சொன்னார். அது நேர்மையான பேச்சு, அதனால் அதையும் எழுதுகிறேன்.

அவர் பழைய புட்டியை உளியால் கொத்தி எடுத்து, மூலையைச் சீவி, 5 மில்லிமீற்றர் கண்ணாடி வெட்டிப் போட்டு, புதுப் புட்டி வைத்தார். கண்ணாடி 1,800 ரூபா, புட்டியும் ஆணியும் 350, கூலி 1,500. எல்லாமாக 3,650 ரூபா, பில் என்னிடம் இருக்கிறது. நட்டஈடு என்பது உடைந்ததை உடையுமுன் இருந்த நிலைக்குக் கொண்டு வருவது. பழைய மரயன்னல் உடைந்ததைச் சாட்டி அலுமினிய யன்னல் வாங்குவது நட்டஈடு இல்லை. கட்டடத்தின் முன்பக்கம் எல்லாம் அலுமினியமாக மாற வேண்டும் என்று குழு நெடுநாளாகப் பேசி வருகிறது. அது நல்ல யோசனையாகவே இருக்கலாம். அதைப் பொதுக்கூட்டத்தில் வைத்து எல்லோரிடமும் கேளுங்கள். பிள்ளைகள் உள்ள எட்டு வீட்டில் வாங்காதீர்கள்.

1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி முற்றம் எங்கள் எல்லோருக்கும் பங்குள்ள பொது இடம். அதைப் பராமரிக்க எல்லா வீட்டிலும் பங்குப் பெறுமதிக்கு ஏற்பக் காசு அறவிடலாம். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அந்த முற்றத்தில் பங்கு உண்டு. ஒருவர் பிழை செய்தார் என்று தீர்ப்புச் சொல்லி, தொகையையும் நிர்ணயித்து, கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்துவது பராமரிப்பு இல்லை. இதில் உண்மையிலேயே பிணக்கு இருக்கிறதென்று நீங்கள் நினைத்தால் இணக்க சபை இருக்கிறது. இந்த அளவுத் தொகைக்கான பிணக்கு அங்கே போகாமல் நீதிமன்றத்துக்கே போக முடியாது. அங்கே முதலில் கேட்கும் கேள்வி, பாதிக்கப்பட்டவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்பதாகத்தான் இருக்கும். நான் வருவேன், இந்தக் கடிதத்தில் எழுதியதையே சொல்வேன்.

பிள்ளைகள் ஏற்கெனவே தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. உடைந்து மூன்றாம் நாள் பெரியவன் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். அவர்களுடைய விளையாட்டில் பழைய விதி ஒன்று உண்டாம். கண்ணாடியில் பட்டால் அவுட், உடைந்தால் எல்லோரும் சேர்ந்து போடுவது, ஏனென்றால் பந்து போட்டவன் போடாவிட்டால் அடித்தவன் அடித்திருக்க மாட்டான். மேசையில் கொட்டி எண்ணினோம். புத்தாண்டுக் கைவிசேஷத் தாள்களும் பத்து ரூபாக் குற்றிகளுமாக 1,140 ரூபா. திருப்பிக் கொடுக்கத்தான் முதலில் கை போனது. பிறகு யோசித்து வாங்கிக்கொண்டேன். தெரிந்தே லெதர் பந்தைக் கொண்டு வந்தது ஒரு பிழை, அதை அவர்களே பிழை என்று சொல்லிக் காசு கொண்டு வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அது பெரிய விஷயமில்லை என்று நானே சொன்னதாகிவிடும். ஒரு தாளில் “1,140 ரூபா பெற்றுக்கொண்டேன், கணக்குத் தீர்ந்தது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை மடித்து டின்னுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனான்.

மிச்சம் 2,510 ரூபா. பின் வளவை எடுத்து, வலையைக் கழற்றி, இரண்டு கடிதத்தையும் கிடப்பில் போட்டு, டெனிஸ் பந்தையும் பறித்தது எங்கள் எல்லோர் பெயரிலும் இயங்கும் குழு. ஆகவே அந்தத் தொகை பொது நிதியிலிருந்து வர வேண்டும். இருபத்துநாலு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 105 ரூபா. அதில் என் வீட்டுப் பங்கும் இருக்கிறது, அது சரிதான். வாக்களித்து உங்களைத் தெரிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் உங்களிடம் கேட்பவை இவை. லிஃப்டுக்குப் பக்கத்தில் உள்ள அறிவித்தலை இந்தக் கிழமைக்குள் எடுத்துவிடுங்கள், தண்ணீரை நிறுத்தும் மிரட்டலையும் பொலிஸ் பேச்சையும் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். 6,000 ரூபா கட்டிவிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும், முதலாவதாக நாலாம் மாடித் தங்கச்சிக்கு, முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். என் வீட்டு இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டுகளை ரத்துச் செய்யுங்கள். 3,650 ரூபா பில்லின் பிரதியை இதனோடு இணைத்திருக்கிறேன், அதில் 2,510 ரூபாவைப் பொது நிதியிலிருந்து எனக்குத் தாருங்கள்.

ஜெனரேட்டர் அறையில் கிடக்கும் வலையை முன் முற்றத்தில், யன்னல்களுக்கும் விக்கெட்டுக்கும் நடுவில் கட்டுங்கள். அதை விரித்துப் பார்த்தேன், ஒரு கண் 5 சென்ரிமீற்றர் அகலம். டெனிஸ் பந்தின் விட்டமே 6 சென்ரிமீற்றருக்கு மேல், ஆகவே பந்து நுழையாது. இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது, நூலால் முடிந்துவிடலாம். இழுத்து விறைப்பாகக் கட்டாமல் தொய்வாகத் தொங்க விட்டால்தான் பந்தின் வேகம் வலையில் அடங்கும். முதலாம் மாடி யன்னல்களின் மேல் விளிம்புவரை அது உயர வேண்டும். அதற்கு மேலே போகும் பந்தை வலை தடுக்காது, அந்த உயரத்துக்கு அடிப்பவன் அவுட் என்று பிள்ளைகள் தாங்களே விதி வைத்துவிட்டார்கள். லெதர் பந்து வளவுக்குள் கூடாது என்று ஒரு விதி எழுதுங்கள், அதை நான் முழுமனதோடு ஆதரிப்பேன், பிள்ளைகளும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பின் வளவில் ஆறு தரிப்பிடமும் உண்மையிலேயே தேவையா என்பதை அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் போடுங்கள்.

கடைசியாக, காவலாளியின் மேசை லாச்சிக்குள் இருக்கும் மூன்று டெனிஸ் பந்துகளையும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்குக் கூட்டம் தேவையில்லை, ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இன்று பின்னேரம் ஐந்து மணிக்கு முன் செய்ய முடியுமா?

முதலாம் மாடி, முன்பக்க வீட்டுக்காரி
வெள்ளவத்தை, கொழும்பு 6